எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’ஸா, ‘நோ’வா?

“நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லையா?” என்று கேட்டால், கட்டாதவர் தமிழில் “ஆமாம், கட்டவில்லை” என்பார். அதே கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் அவர் சொல்ல வேண்டியது “நோ”. பணம் கட்டியவர் தமிழில் “இல்லை, கட்டிவிட்டேனே” என்பார். ஆங்கிலத்தில் அவர் “யெஸ்” என்றுதான் தொடங்க வேண்டும். நடந்தது ஒன்றுதான், கேள்வியும் ஒன்றுதான். பதிலின் முதல் சொல் மட்டும் மொழி மாறும்போது தலைகீழாகிறது. ஆமாம் என்றால் ‘யெஸ்’, இல்லை என்றால் ‘நோ’ என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்த பாடம், கேள்விக்குள் ஓர் எதிர்மறை நுழைந்ததுமே கைவிட்டுவிடுகிறது.

இரண்டு மொழிகளும் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பதில் சொல்கின்றன என்பதே இதற்குக் காரணம். தமிழின் ‘ஆமாம்’ கேட்டவரைப் பார்த்துப் பேசுகிற சொல். “நீங்கள் நினைப்பது சரி” என்பதே அதன் பொருள். கேட்டவர் “கட்டவில்லை போலிருக்கிறதே” என்று நினைத்துக் கேட்கிறார். அந்த நினைப்பு சரி என்பதால் ‘ஆமாம்’. ஆங்கில ‘யெஸ்’ஸுக்குக் கேட்டவரின் நினைப்பைப் பற்றி அக்கறை இல்லை. அடுத்து வரப்போகும் தன்னுடைய வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்பதை மட்டும் அது முன்கூட்டி அறிவிக்கிறது. ‘கட்டினேன்’ என்பது பதிலானால் ‘யெஸ்’, ‘கட்டவில்லை’ என்பது பதிலானால் ‘நோ’. கேள்வியில் எதிர்மறை இல்லாதபோது இந்த இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன, “பணம் கட்டிவிட்டீர்களா?” என்பதற்கு ஆமாமும் யெஸ்ஸும் கைகோத்துப் போகும். அதனால்தான் வேறுபாடு பல ஆண்டுகள் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது.

தமிழ் பேசுபவர் உண்மையில் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. முதல் விஷயம், தமிழில் ஆமாம், இல்லை என்ற சொற்கள் இல்லாமலே பெரும்பாலான பதில்கள் முடிந்துவிடுகின்றன. “சாப்பிட்டாச்சா?” என்றால் “ஆச்சு”. “வர்றியா?” என்றால் “வர்றேன்”. “தெரியுமா?” என்றால் “தெரியும்”. கேள்வியில் இருக்கும் வினையையே எடுத்துத் திருப்பிச் சொல்வது தமிழின் இயல்பான பதில். எதிர்மறைக் கேள்விக்கும் அப்படித்தான். “தெரியாதா?” என்பதற்குத் “தெரியாது” அல்லது “தெரியும்”. “வரமாட்டியா?” என்பதற்கு “மாட்டேன்” அல்லது “வருவேன்”. “காபி வேண்டாமா?” என்பதற்கு “வேண்டாம்” அல்லது “வேணும்”. வினையே பதிலாக இருப்பதால் இங்கே குழப்பத்துக்கு இடமே இல்லை. தெரியாது, முடியாது, கூடாது, மாட்டேன், வேண்டாம், கிடையாது என்று எதிர்மறை வினைகள் வரிசையாகக் கையில் இருக்கும்போது தனியாக ஒரு ‘நோ’ எதற்கு?

சிக்கல் ‘இல்லை’யில் இருக்கிறது. அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. “நீங்கள் சொல்வது சரியில்லை” என்று மறுக்கவும் அது வரும். ‘வரவில்லை, கட்டவில்லை, சாப்பிடவில்லை’ போன்ற வினைகளின் வாலாகவும் அது வரும். “நேற்று வரலையா?” என்று கேட்டதற்கு ஒருவர் வெறுமனே “இல்லை” என்றால், அது ‘வரலை’ என்பதன் சுருக்கம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவரே “இல்லை, வந்தேனே!” என்றால் அதே ‘இல்லை’ மறுப்பாகிவிடுகிறது. கேட்பவர் குரலின் ஏற்ற இறக்கத்திலும், கடைசியில் ஒட்டும் ‘ஏ’காரத்திலும், அடுத்து வரும் வினையிலும் பொருளைப் பிடித்துக்கொள்கிறார். கேள்வியில் வேறு எதிர்மறை இருந்தால் நிலைமை மாறும். “உங்களுக்குத் தெரியாதா?” என்பதற்கு “இல்லை” என்று வந்தால், அது வினையைத் திருப்பிச் சொல்வதாக இருக்க முடியாது, பெரும்பாலும் அடுத்து “தெரியுமே” என்று வரும். தாய்மொழியில் இவ்வளவும் யோசிக்காமலே நடக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது குரல், ஏகாரம், வினை எல்லாம் கழன்று விழுந்து, முதல் சொல் மட்டும் பெயர்த்துக்கொண்டு போகப்படுகிறது. பிழை நடக்கும் இடம் அதுதான்.

ஆங்கிலத்தின் விதி இதைவிட எளிது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட. ‘யெஸ்’ஸுக்குப் பின் உடன்பாட்டு வாக்கியம்தான் வரலாம், ‘நோ’வுக்குப் பின் எதிர்மறை வாக்கியம்தான் வரலாம். “யெஸ், ஐ ஹேவ்” உண்டு. “யெஸ், ஐ ஹேவன்ட்” கிடையாது. “நோ, ஐ டிடன்ட்” உண்டு; “நோ, ஐ டிட்” கிடையாது. கேள்வியில் ‘நாட்’ இருக்கிறதா, ‘நெவர்’ இருக்கிறதா என்பது இந்த விதியைத் தொடுவதே இல்லை. “ஹேவ் யூ பெய்டு?” என்று கேட்டாலும், “ஹேவன்ட் யூ பெய்டு?” என்று கேட்டாலும், “யூ ஹேவன்ட் பெய்டு?” என்று சந்தேகக் குரலில் கேட்டாலும், பணம் கட்டியவரின் பதில் ‘யெஸ்’, கட்டாதவரின் பதில் ‘நோ’. இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, இந்தியர்கள் இந்த இடத்தில் தம் மொழியின் கணக்கையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். தமிழர்களுக்கு மட்டும் நேரும் தடுமாற்றம் அல்ல இது. ஜப்பானிய மொழியிலும் ‘ஹாய்’ என்பது நம் ‘ஆமாம்’ போலக் கேட்டவரின் கூற்றைத்தான் ஆமோதிக்கிறது.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தருவதுண்டு: எதிர்மறைக் கேள்வி வந்தால் தமிழில் வாயில் வருவதற்கு நேர்மாறாகச் சொல்லிவிடு. இந்தக் குறுக்குவழி பல நேரம் கரை சேர்க்கும், சில நேரம் கவிழ்த்துவிடும். “நான் அப்பவே சொல்லலை?” என்று ஒருவர் வெற்றிக்களிப்போடு கேட்கிறார். வடிவத்தில் இது எதிர்மறைக் கேள்வி. ஆனால் அவர் மனதில் இருப்பது ‘சொன்னேன்’ என்பது. அதனால் தமிழிலேயே “ஆமாம், சொன்னீங்க” என்றுதான் பதில் வருகிறது. ஆங்கிலத்திலும் இதற்கு “யெஸ், யூ டிட்”. “வீடு அழகா இல்லை?” என்று புது வீட்டைக் காட்டி ஒருவர் கேட்டாலும் அப்படியே: தமிழில் “ஆமாம், ரொம்ப அழகு”, ஆங்கிலத்தில் “யெஸ், இட் இஸ்”. இங்கே எதுவும் தலைகீழாகவில்லை. ‘ஆமாம்’ கேட்டவரின் வாக்கியத்தை அல்ல, கேட்டவரின் எண்ணத்தைத் தொடர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். நேர்மாறாகச் சொல்லப் பழகியவர் இந்த இடத்தில் “நோ” என்று சொல்லிவிட்டால், வீட்டுக்காரரின் முகம் சுருங்கும்.

ஆகவே திருப்பிப்போடும் வித்தை பயன்படாது. நம்பத்தகுந்த வழி, கேள்வியிலுள்ள எதிர்மறையைக் காதிலேயே உதிர்த்துவிட்டு, மிஞ்சும் உடன்பாட்டுக் கேள்விக்குப் பதில் சொல்வது. “ஹேவன்ட் யூ அப்ளைடு எட்?” என்ற கேள்வி, ‘விண்ணப்பித்தாயா?’ என்று மட்டும் மனதில் விழ வேண்டும். விண்ணப்பித்திருந்தால் ‘யெஸ்’. இல்லாவிட்டால் ‘நோ’. வாக்கியத்தின் முடிவில் ஆங்கிலேயர் ஒட்டும் கேள்வி வாலுக்கும் இதே விதிதான். “யூ ஹேவன்ட் மெட் ஹிம், ஹேவ் யூ?” என்பது காதுக்கு ஒரு எதிர்மறையும் ஒரு உடன்பாடுமாகக் கேட்டு மிரட்டும், மனதில் எஞ்ச வேண்டியது ‘சந்தித்தாயா?’ என்பதுதான்.

அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு உண்டு: ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் ‘ஐ ஹேவ்’, ‘ஐ ஹேவன்ட்’ என்று வினையையும் சேர்த்துச் சொல்வது. இதை ஆங்கிலம் கற்பவருக்கான ஊன்றுகோல் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே எதிர்மறைக் கேள்விக்கு வரும் தனி ‘யெஸ்’ குழப்பம் தருகிறது. “ஹீ இஸ் நாட் கமிங்?” என்பதற்கு யாராவது வெறும் “யெஸ்” என்றால், வருகிறானா, வரவில்லை என்பது சரியா என்று அவர்களும் ஒரு கணம் தயங்குவார்கள். அதனால் அவர்களே வினையை ஒட்டிச் சொல்வது வழக்கம். தமிழர் தம் மொழியில் வினையைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை ஆங்கிலத்திலும் கைவிடாமல் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது இதில் ஒரு வேடிக்கை. ஆமாமையும் இல்லையையும் விட்டுவிட்டு, வினையைக் கொண்டுபோவதுதான் நல்ல மொழிபெயர்ப்பு.

இந்தத் தவறு எங்கே வெறும் இலக்கணப் பிழையாக நிற்காமல் ஆபத்தாகிறது என்பதற்கு ஒரு மருத்துவமனைக் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். லண்டனில் வசிக்கும் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவருக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதனால் திட உணவு சாப்பிட்டுப் பொதுவாக 6 மணி நேரமும், வெறும் தண்ணீர் குடித்து 2 மணி நேரமும் கழிந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. காலையில் தாதி வந்து கேட்கிறார்: “ஷீ ஹேஸ்ன்ட் ஹேட் எனிதிங் டு ஈட் திஸ் மார்னிங்?” அருகில் இருக்கும் மகள் அதைத் தமிழில் கேட்கிறாள்.

“அம்மா, காலமை ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?”

அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் “ஓம்” என்பார். யாழ்ப்பாணத்து ‘ஓம்’ நம் ‘ஆமாம்’தான். மகள் அதை அப்படியே “யெஸ்” என்று சொல்லிவிடுகிறாள். தாதி நிமிர்ந்து பார்த்து, “என்ன சாப்பிட்டார்? எத்தனை மணிக்கு?” என்று கேட்கிறார். மகள் பதறி, “நோ, நோ, நத்திங்” என்கிறாள். இரண்டொரு கேள்விகளில் விஷயம் தெளிவாகிவிடும். கொஞ்சம் நேரம் வீண், கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான்.

இப்போது அம்மா விடிகாலையில் ஏதோ சாப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் பதில் இப்படித் தொடங்கும்:

“இல்லைப் பிள்ளை, ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டனான். பசிச்சுப் போச்சு.”

வீட்டில் வளர்ந்த பழக்கத்தில் மகள் முதல் சொல்லைக் கேட்டதுமே “நோ” என்று சொல்லியிருப்பாள். தாதி எதிர்பார்த்த பதிலும் அதுவே. அவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பிஸ்கட் என்ற சொல்லும் பசி என்ற சொல்லும் தமிழில் மட்டுமே காற்றில் இருக்கின்றன. மகள் கவனமானவளாக இருந்தால் கையைத் தூக்கித் திருத்துவாள். அப்பாவின் தொலைபேசி அழைப்பு வந்து கவனம் சிதறினால் திருத்தமாட்டாள்.

இரண்டு பிழைகளும் ஒரே மாதிரிதான் தோன்றுகின்றன, ஆனால் சமமானவை அல்ல. தவறான ‘யெஸ்’ எதிர்பாராத பதில். அது அடுத்த கேள்வியைக் கிளப்பிவிடுவதால் தானே அம்பலமாகிறது. தவறான ‘நோ’ எதிர்பார்த்த பதில். கேட்டவரின் மனக்கணக்கோடு அது பொருந்திப்போவதால் யாரும் அதன் மேல் மறுகேள்வி போடுவதில்லை. “பென்சிலின் அலர்ஜி எதுவும் இல்லையே?”, “ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை எதுவும் எடுக்கவில்லையே?” என்ற கேள்விகளிலும் இதே ஆபத்து. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு கேட்கப்படும் எதிர்மறைக் கேள்விகள் இவை. ‘இல்லை, எடுக்கிறேன்’ என்று ஆரம்பிக்கும் தமிழ்ப் பதில், மொழிபெயர்ப்பில் ‘நோ’வோடு நின்றுபோனால், அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்தியது போலாகிவிடும்.

இங்கே மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பதில் முடியும்வரை காத்திருந்து, முதல் சொல்லை விட்டுவிட்டு, செய்தியை முழு வாக்கியமாகச் சொல்வது: “இன்று காலை இரண்டு பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார்.” அம்மா வெறும் “ஓம்” என்றோ “இல்லை” என்றோ நிறுத்திவிட்டால், மொழிபெயர்க்கும் முன் “சாப்பிட்டனீங்களா, சாப்பிடேல்லையா?” என்று வினையை வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் இப்படிச் செய்வார்கள். அவசரத்துக்கு உதவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செய்வதில்லை.

கேட்பவர் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது, சொல்லப்போனால் அதுதான் பெரியது. “கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டால் ஆமாமும் இல்லையும் உள்ளே வரவே வழியில்லை. எதிர்மறையைத் தவிர்ப்பதும் ஒரு வழி. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளிக்குத் தெரிந்த ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி உடன்பாட்டில்தான் இருக்கிறது. எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். ‘ஒவ்வாமை இல்லையே?’ என்று அது கேட்பதில்லை. இப்படிக் கேட்டால் எந்த மொழிக்காரரும் எந்தக் கணக்கில் பதில் சொன்னாலும் விடை ஒன்றாகவே இருக்கும்.

பதிலை முழு வாக்கியமாக்கும் வேலையைத் தமிழ்நாட்டின் விசாரணை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. அங்கே ஆபத்து இன்னும் அதிகம். குறுக்கு விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்க வழக்கறிஞருக்குச் சட்டம் இடம் தருகிறது. “சம்பவம் நடந்தபோது நீங்கள் கடையிலேயே இல்லை, அப்படித்தானே?” என்று அவர் கேட்பார். சாட்சி “இல்லீங்க” என்று சொன்னால் என்ன பொருள்? கடையில் இல்லை என்கிறாரா, நீங்கள் சொல்வது சரியில்லை என்கிறாரா? ஒரு ஆளின் விடுதலையோ தண்டனையோ அந்த ஒரு சொல்லில் தொங்கலாம்.

அதனால் வாக்குமூலத்தில் அந்த ‘இல்லீங்க’ அப்படியே ஏறுவதில்லை. கேள்வி ஒரு கூற்றாக மாற்றப்பட்டு, அதன் வாலில் தீர்ப்பு போல ஒரு சொல் சேர்க்கப்படுகிறது. “சம்பவத்தின்போது நான் கடையில் இல்லை என்றால் சரிதான்” என்று எழுதினால் சாட்சி அங்கே இல்லை. “சம்பவத்தின்போது நான் கடையில் இல்லை என்றால் சரியல்ல” என்று எழுதினால் அவர் அங்கே இருந்தார். நீதிமன்றத்துக்குப் பழகாதவர் காதுக்கு இந்த நடை வினோதமாக ஒலிக்கும். ‘என்றால் சரியல்ல, என்றால் சரியல்ல’ என்று பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் அதன் பயன் பெரிது. ‘ஆமாம்’ எதை ஆமோதித்தது, ‘இல்லை’ எதை மறுத்தது என்ற கேள்விக்கே அது இடம் வைப்பதில்லை. மேல்முறையீட்டில் வாக்குமூலம் ஆங்கிலத்துக்குப் போகும்போதும் ‘என்று சொல்வது சரியல்ல’ என்பதற்கு நேரான ஆங்கிலத் தொடர் தயாராக இருக்கிறது. ‘யெஸ்’ஸா ‘நோ’வா என்று மொழிபெயர்ப்பாளர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவு தொல்லை தரும் இந்த இரட்டைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் நான்காக இருந்தன. உடன்பாட்டுக் கேள்விக்கு ‘யே’ என்றும் ‘நே’ என்றும் பதில். எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’ என்றும் ‘நோ’ என்றும் பதில். கட்டினாயா என்றால் ‘யே’. கட்டவில்லையா என்று கேட்டு, கட்டியிருந்தால் ‘யெஸ்’. பதினாறாம் நூற்றாண்டில் இந்த வேறுபாடு தேயத் தொடங்கியிருந்தது. புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல், யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் “நீர் தீர்க்கதரிசியா?” என்ற உடன்பாட்டுக் கேள்விக்கு ‘நே’ போட வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார். அவருடைய சமய எதிரியான தாமஸ் மோர் 1532-ல் வெளிவந்த நூலில் இதைப் பிடித்துக்கொண்டார்: ஆங்கிலத்தில் இந்தச் சாதாரண வேறுபாடுகூடத் தெரியாதவருக்கு வேதத்தை மொழிபெயர்க்க என்ன தகுதி என்ற தொனியில் ஒரு பிடிபிடித்தார். ஆனால் எது எப்போது வரும் என்ற விதியை விளக்கும் இடத்தில் மோரின் நூலே அதை மாற்றிச் சொல்லிவிட்டது. அவர் கொடுத்த உதாரணங்கள் மட்டும் சரியாக அமைந்தன. கண்டிக்க வந்தவருக்கே விதி பிசகிய அந்த வேறுபாடு பின்னர் வழக்கொழிந்து, எதிர்மறைக் கேள்விக்கான ‘யெஸ்’ஸும் ‘நோ’வும் எல்லாக் கேள்விகளுக்குமாக நிலைத்துவிட்டன.

மற்ற ஐரோப்பிய மொழிகள் சில அந்த மூன்றாவது சொல்லை விடாமல் வைத்திருக்கின்றன. “நீ வரவில்லையா?” என்ற கேள்விக்கு, ‘வருகிறேனே’ என்று மறுத்துச் சொல்ல பிரெஞ்சுக்காரர் ‘வுயி’யை விட்டுவிட்டு ‘ஸி’ என்பார், ஜெர்மானியர் ‘யா’வை விட்டுவிட்டு ‘டொஹ்’ என்பார், ஸ்வீடன்காரர் ‘யூ’ என்பார். நம் ‘வந்தேனே’யில் இருக்கும் ஏகாரம் செய்யும் வேலையை அங்கே ஒரு தனிச்சொல் செய்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இல்லாததால், ‘யெஸ், ஐ ஆம்’ என்று வினையை அழுத்திச் சொல்லி ஈடுகட்டுகிறார்கள்.

கடைசியாக, எதிர்மறை போலவே தோன்றி ஏமாற்றும் ஒரு கேள்வி. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் “டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் த விண்டோ?” என்று கேட்கிறார். ஜன்னலைத் திறக்கட்டும் என்று நினைக்கும் தமிழர் பெரும்பாலும் “யெஸ், யெஸ்” என்கிறார். சொல்லளவில் அதற்குப் பொருள், ‘எனக்கு ஆட்சேபணை உண்டு’. சொல்ல வேண்டியது “நோ”. இங்கே ‘நாட்’ எதுவும் இல்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கணக்கில் வேறுபாடும் இல்லை. “உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று தமிழில் கேட்டாலும் “இல்லை, திறந்துக்கங்க” என்றுதான் பதில் வரும். பிழைக்குக் காரணம் வேறு. தமிழில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. “ஜன்னலைத் திறந்துக்கட்டுமா?” என்றுதான் கேட்போம், அதற்கு “திறந்துக்கங்க”, “சரிங்க” என்போம். ஆங்கிலக் கேள்வியைக் கேட்கும் காது அதை இந்தப் பழகிய வேண்டுகோளாக மாற்றிக்கொண்டு, ‘சரிங்க’வுக்கு ‘யெஸ்’ என்று பதில் தயாரித்துவிடுகிறது. ஆங்கிலேயருக்கும் இந்த வழுக்கல் உண்டு. அவர்களில் பலர் இந்தக் கேள்விக்கு “ஷ்யூர்” என்று சொல்லி, சம்மதம் என்ற பொருளில் கையைக் காட்டிவிடுகிறார்கள். கேட்டவரும் ஜன்னலைத் திறந்துவிடுகிறார். புதிதாகப் பழகுபவருக்கு “ப்ளீஸ் டூ” அல்லது “கோ அஹெட்” போதும். இரண்டிலும் யெஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை.